உங்க அப்பா தங்கமான மனுசன்

எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் ஒரு போட்டோ உண்டு. சந்தன மாலை போட்டு, மேலே ஒரு சீரோ வாட் பல்பு. அதுதான் என் அப்பா. 1957-ல் அவர் போனபோது எனக்கு நாலு வயது. போட்டோவைத் தவிர அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வாக்கியம். பெரியப்பா, அத்தைமார், எதிர்வீட்டு ஆச்சி, யாரைக் கேட்டாலும் அதே வாக்கியம்தான்: "உங்க அப்பாவா? தங்கமான மனுசன்லா!"

தங்கத்தை வைத்து என்ன செய்வது? அவர் சிரித்தால் எப்படி இருக்கும், கோபம் வருமா, எந்தக் கையால் சோற்றைப் பிசைவார் (என் தங்கைக்கு இடது கை), எதனால் செத்தார், இது ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் கேட்டால் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வாள். அதனால் பத்து வயதுக்கு மேல் நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

முப்பத்து நாலாவது வயதில், தபால் இலாகா வேலையாக விக்கிரமசிங்கபுரம் போயிருந்தபோது, ஹார்வி மில்லில் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். அவர் தங்கம் வெள்ளி என்றெல்லாம் சொல்லவில்லை. "ஒங்க அப்பன் தண்ணியக் கண்டா நடுங்குவான்வே. பாவநாசத்துல நாங்கள்லாம் குதிச்சு நீந்துவோம், அவன் மேல்படியில உக்காந்து செம்புல மோந்து ஊத்திக்கிடுவான்" என்றார். டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். அவர் கட்டியிருக்கிறார். நான் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். காய்ச்சலில் செத்தார் என்று வீட்டில் சொன்னது பொய், அது காசநோய் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அத்தைமார் கல்யாணம் தடைப்படும் என்று மறைத்திருக்கிறார்கள்.

தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் வராது. தண்ணீரைக் கண்டால் அடிவயிறு கலங்கும். இதைச் சொல்லிக் கேலி செய்யாத சொந்தக்காரன் கிடையாது. அன்றைக்கு பாவநாசம் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, முப்பது வருஷம் கழித்து, முதல் தடவையாக அப்பாவுக்காக அழுதேன். இதெல்லாம் பழைய கதை. இப்போது ஏன் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வேலை என் தலையில் வந்து விழுந்தது.

2022-ல் என் தம்பி மகன் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது. வண்ணார்பேட்டையில் வீடு, ஜங்ஷனில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஆறேழு மாதம் கழித்து அவன் மனைவி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "பெரிய மாமா, பாப்பா பெரியவளானதும் படிக்கட்டும்னு அவங்க அப்பாவப் பத்தி எழுதிருக்கேன். நீங்கதான் பிளாக்லாம் எழுதுறீங்களே, பாத்துத் திருத்திக் குடுங்க" என்றாள். நான்கு பக்கம். முதல் வரியே, "உன் தந்தை ஒரு தங்கமான மனிதர்."

மறுபடியும் தங்கம்! நோட்டை மூடி வைத்துவிட்டு அவளுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. உங்களுக்கு முதல் ஞாபகம் எது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், தெரியும். ஆக, இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறவள் அப்பாவை இழந்து அழுகிற மகள் அல்ல. அப்பாவைப் பார்த்ததாகவே ஞாபகம் இல்லாத ஒரு பதினெட்டு இருபது வயதுப் பெண். அவளுக்கு இரங்கல் கூட்டப் பேச்சு எதற்கு? அவளுக்கு ஆளை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. புதுமைப்பித்தன் வண்ணார்பேட்டைக்காரர்தான். எட்டு வயதில் தாயை இழந்தவர். அந்த அம்மாவின் பெயர் பர்வதத்தம்மாள். பிற்காலத்தில் அவர் ஒரு சினிமா கம்பெனி ஆரம்பித்தபோது வைத்த பெயர் பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ். கதைகளில் யாரையும் விட்டுவைக்காத மனுசன், அம்மா விஷயத்தில் மட்டும் இப்படி. 1948-ல் அவரும் காசநோயில் போனார். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதுவதற்காகப் புனே போனவர் நோயோடு திரும்பி, திருவனந்தபுரத்தில் மனைவி வீட்டில் இறந்தார். மகள் தினகரி 1946-ல் பிறந்தவர். நம்ம பாப்பாவைவிடச் சின்ன வயது.

அவர் மகளுக்கென்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் அவர் சென்னையில் பத்திரிகை ஆபீஸ்களில் இருந்த காலத்தில், மனைவி கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் இருந்தார். வருஷக்கணக்காகக் கடிதம் போயிருக்கிறது. அந்த அம்மாள் அதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். வெகுகாலம் கழித்து 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்தது. வாசித்தவர்களுக்குத் தெரியும். மேதை என்று மாலை போடுகிற சமாச்சாரம் ஒன்றும் அதில் பெரிதாக இல்லை. பணம் இல்லை, இன்னும் வரவில்லை, வந்ததும் அனுப்புகிறேன், நீ ஏன் பதில் போடவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள், இதுதான் திரும்பத் திரும்ப. மனைவியைக் கொஞ்சுகிற கொஞ்சல் வேறு, அது வெளியாட்கள் படிக்கக் கூசுகிற அளவுக்கு. அந்தக் குழந்தை வளர்ந்து அதைப் படிக்கும்போது சிறுகதை மன்னரையா பார்த்திருக்கும்? மணியார்டரை நினைத்து மருகுகிற, பெண்டாட்டியைப் பிரிந்து இருக்கமுடியாத ஒரு மனுசனைத்தான் பார்த்திருக்கும். கமலா அம்மாளும் தன் பங்குக்குக் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறார், 'புதுமைப்பித்தனின் சம்சார பந்தம்' என்ற பெயரில்.

இன்னொன்று. நம்மூர் தொ.மு.சி. ரகுநாதன் எழுதிய 'புதுமைப்பித்தன் வரலாறு' வந்தது 1951-ல். ஆள் போய் மூன்றே வருஷம். ரகுநாதனுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. பழகியவர்கள் எல்லாம் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிட்டார். இருபது வருஷம் கழித்து ஆரம்பித்திருந்தால் பாதிப் பேரைச் சுடுகாட்டில்தான் விசாரித்திருக்க வேண்டும். என் அப்பா விஷயத்தில் எனக்கு நடந்தது அதுதான். அந்த மில் பெரியவரை நான் அடுத்த வருஷம் பார்க்கப் போனபோது அவர் இல்லை.

அதனால் மருமகளிடம் சொன்னேன், "இதக் கிழிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும், இது ஒனக்காக நீ எழுதினது. பாப்பாவுக்கு நாம வேற எழுதுவோம்." ஒரு மாதம் எடுத்துக்கொண்டு அவனோடு பழகிய பதினோரு பேரைப் போய்ப் பார்த்தோம். நான் ஐந்து பேர், அவள் ஆறு பேர்.

இதில் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "அவன் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டால் தங்கம்தான் வரும். "கடைக்கு வந்தா என்ன கேப்பான்?", "உங்ககூட எதுக்குச் சண்டை போட்டான்?", "எதுல ஏமாந்தான்?" என்று கேட்க வேண்டும். டீக்கடைக்காரர், "டீ ஆறட்டும்னு வச்சுட்டு மறந்துருவாரு. பெறகு சூடு பண்ணித் தாங்கம்பாரு, டெய்லி" என்றார். கடை முதலாளி, அவன் யார் வண்டியைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் இரண்டு ஸ்குரூ மிச்சம் வரும் என்றார். வண்டி ஓடுமாம், ஆனால் ஸ்குரூ மிச்சம் இருக்குமாம். வீட்டில் வந்து இதைச் சொன்னதும் மருமகள் எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். மிக்சி, ஃபேன், தண்ணி மோட்டார் என்று அவன் பிரித்ததில் மிஞ்சிய ஸ்குரூக்கள் பாதி டின் கிடந்தன. அவன் போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

யார் எதைச் சொன்னார்களோ, அவர்கள் பெயரையும் என்ன உறவு என்பதையும் ஓரத்தில் குறிக்கச் சொன்னேன். நாளைக்கு அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் உயிரோடு இருப்பவர்களிடம் நேரே போய்க் கேட்கலாம் அல்லவா? முப்பத்தெட்டு வருஷம் விலாசத்தோடு குடும்பம் நடத்தியவன் நான். விலாசம் இல்லாத செய்தி என்றால் எனக்கு ஆகாது.

எழுத ஆரம்பித்ததும் "தந்தை, மரணம், துயரம்" என்று மறுபடி மேடைத் தமிழ் வந்தது. பேசுகிற மாதிரியே எழுது என்றேன். அந்தப் பெண் நாளைக்குச் சென்னையிலோ வேறெங்கோ இருந்தாலும் அவள் அப்பா பேசிய பேச்சு இதில் இருக்கட்டும். அவள் அனுமதியோடு ஒரு பத்தி மட்டும் இங்கே:

"பாப்பா, உங்க அப்பா திருநெல்வேலிக்காரனாப் பொறந்துட்டு அல்வா பிடிக்காத ஆளு. அதுல கெடக்க முந்திரிப் பருப்ப மட்டும் நோண்டித் தின்னுட்டு மிச்சத்த எனக்குத் தள்ளிருவாங்க. உன்ன 'ஏல'ன்னுதான் கூப்பிடுவாங்க. பொம்பளப் புள்ளைய ஏலன்னு கூப்பிடாதங்கன்னு ஆச்சி ஏசுவாங்க. உடனே 'ஏல, ஒன்னய ஏலன்னு கூப்பிடக் கூடாதாம்ல'ன்னு உங்கிட்டயே சொல்லுவாங்க. நீ சிரிப்ப. ராத்திரி பைக் சத்தம் கேட்டா நீ செருப்பப் போட்டுட்டு வாசல்ல நிப்ப. தெருமுக்கு வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகலன்னா சாப்பிட மாட்ட."

இந்தப் பத்திக்கு நான் ஒரு கமா கூடப் போடவில்லை.

தகராறு வந்தது மூன்று இடத்தில். முதலாவது, அவன் எப்படி இறந்தான் என்பது. தம்பி மனைவி, "அத்தான், அதெல்லாம் எதுக்கு எழுதணும்? சாமிகிட்டப் போய்ட்டான்னு போட்டாப் போதும்" என்றாள். பெற்றவள் வயிறு, அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் விடவில்லை. அவன் போன அன்று குழந்தையிடம் "அப்பா தூங்குதாங்க" என்று யாரோ சொல்லி வைக்க, அது இரண்டு மாதம் தூங்கப் பயந்து அழுதது. ஒரு பொய்க்கு அவ்வளவு விலை. பெரியவளான பிறகும் பொய்யே சொல்வதா? எழுதினோம். காலை ஆறு மணிக்குத் தாடையிலும் இடது தோளிலும் வலி என்றான். வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தான், சோடா குடித்தான். வேர்த்துக் கொட்டியது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. சிகரெட் உண்டு, ஒரு நாளைக்கு ஆறேழு. அதையும் எழுதினோம். "உனக்குத் தூக்கம் வராமல் போனது நாங்கள் சொன்ன பொய்யால்" என்றும் எழுதினோம்.

இது வெறும் உண்மைக்காக மட்டும் இல்லை. அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன்னால், அம்மாவோ அக்கா தங்கையோ 65-க்கு முன்னால் மாரடைப்பு கண்டிருந்தால், அதை டாக்டர்கள் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அபாயம் கூடுதல் என்று கணக்கு. இந்தப் பெண் இருபது வயதில் ரத்தக் கொழுப்பு பார்க்க வேண்டும், டாக்டர் கேட்டால் "அப்பா 38-ல் மாரடைப்பு" என்று பதில் சொல்லத் தெரிய வேண்டும். சாமிகிட்டப் போய்ட்டாங்க என்றால் எந்த டாக்டருக்கு என்ன விளங்கும்? எங்கள் வீட்டில் காசநோயைக் காய்ச்சல் என்று மறைத்த மாதிரிதான் ஆகும். (வாய்வு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடிக்கிற நம் வயசுக்காரர்கள் இதைப் படித்தால், தாடைவலி, கைவலி, வேர்வை இருந்தால் தயவுசெய்து சோடாவைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

இரண்டாவது, மருமகளே எழுதிய ஒரு வரி. முந்தின நாள் ராத்திரி ஒரு கடன் விஷயமாக இரண்டு பேருக்கும் சண்டை. பேசாமலே படுத்திருக்கிறார்கள். "அன்னைக்கு நான் சண்ட போடாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாங்களோன்னு இன்னும் தோணுது பாப்பா" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அதை எடுத்துவிடச் சொன்னேன். சண்டை போட்டதை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். நீங்கள் எதற்கெல்லாம் சண்டை போடுவீர்கள், எப்படி ராசி ஆவீர்கள் (அவன் இரண்டு பரோட்டா வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பானாம்) என்பதை எழுது. ஆனால் அந்தக் கேள்வியை மகளிடம் கேட்காதே. இருபது வயதுப் பெண் அதற்கு என்ன பதில் சொல்லும்? "இல்லம்மா, உன்னால இல்ல" என்று சொல்லச் சொல்லித்தானே கேட்கிறாய்? அதை இன்றைக்கு நான் சொல்கிறேன், உன்னால் இல்லை, ரத்தக்குழாய் அடைப்பு வருஷக்கணக்காக உள்ளே இருந்தது. பிள்ளை தலையில் அதை ஏற்றாதே என்றேன். அவள் அழுது முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன். அந்த வரி முதல் நோட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

மூன்றாவது, ஆச்சி சேர்க்கச் சொன்ன இரண்டு வாக்கியங்கள். ஒன்று, "நீ டாக்டர் ஆகணும்னு அப்பாவுக்கு ஆசை." அவன் அப்படி என்றைக்கோ விளையாட்டாகச் சொன்னதுண்டாம். உயிரோடு இருக்கிற அப்பாவிடம் "போங்கப்பா, எனக்கு வேற படிக்கணும்" என்று சண்டை போடலாம். போட்டோவிடம் போட முடியுமா? வேண்டாம் என்றேன். இன்னொன்று, "உங்க அம்மா உனக்காகவே தனியா வாழ்ந்தா." மருமகளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அவள் நாளைக்கு என்ன முடிவெடுப்பாள் என்று இன்றைக்கே கடிதத்தில் எழுதிப் பூட்டுப் போட நாம் யார்? இதைச் சொன்னதும் தம்பி மனைவி என்னோடு பத்து நாள் பேசவில்லை. பரவாயில்லை.

பத்திரப்படுத்துவதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அவன் குரல் வாட்ஸ்அப்பில் இருந்தது. "வரும்போது புளி வாங்கிட்டு வரவா?" என்கிற மாதிரி வாய்ஸ் மெசேஜ்கள்தான். ஆனால் குரல் குரல்தானே. சிம்மை மூன்று மாதம் உபயோகிக்காவிட்டால் நம்பர் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கும் நான்கு மாதம் சும்மா கிடந்தால் அழிந்துவிடும். நாங்கள் விழித்துக்கொண்டபோது அவன் கணக்கு போயிருந்தது. நல்லவேளை, மருமகள் போனில் வந்தவை அப்படியே இருந்தன. அதை இரண்டு பென்டிரைவில் ஏற்றினோம். இன்னொரு துக்கம் நடந்த வீட்டில் இதை யாராவது முதல் வாரத்திலேயே ஞாபகப்படுத்தினால் புண்ணியம். ஆஸ்பத்திரி பில், ஏடிஎம் சீட்டு மாதிரி வழுவழுத் தாளில் அச்சானவை சில வருஷத்தில் வெளுத்துவிடும். வேண்டும் என்றால் ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும்.

கடிதத்தை மருமகள் மை பேனாவால் அழகாக எழுதி, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தாள். 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. பீரோவில் இரண்டு தட்டு வரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் கடிதம் முழுக்க நீலக் கறை, ஒரு எழுத்து தெரியவில்லை. பால்பாயிண்ட் பேனாவால் நான் ஓரத்தில் எழுதிய பெயர்களும் உறவுகளும் மட்டும் கம்மென்று நின்றன. நல்லவேளையாக வரைவு நோட்டு என்னிடம் பாளையங்கோட்டையில் மாடியில் இருந்தது. அதைப் பார்த்து மறுபடி எழுதினாள், இந்தத் தடவை பால்பாயிண்டில். ஒரு பிரதி அவளிடம், ஒன்று என்னிடம், ஒன்று அவள் அண்ணன் வீட்டில். லாமினேஷன் செய்யலாமா என்றாள். வேண்டாம் என்றேன். அது ஒட்டினால் ஒட்டியதுதான், பிரிக்க வராது. அம்மா தொட்டு எழுதின தாளை மகள் தொட்டுப் பார்க்க வேண்டாமா?

கவர் மேல் எந்த வயதில் கொடுப்பது என்று எழுதவில்லை. அவள் கேட்கும்போது கொடுப்பது என்று ஏற்பாடு.

போன வாரம் குழந்தை இங்கே வந்திருந்தது. இப்போது ஆறு வயது. அந்த பிஸ்கட் டின்னைக் கையோடு கொண்டு வந்து தரையில் கொட்டி, ஸ்குரூக்களைப் பெரிசு சின்னதாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஒன்றை எடுத்து நீட்டி, "தாத்தா, இது எதுல இருந்து வந்ததுன்னு அப்பா யார்கிட்டயாவது சொல்லிருக்காங்களா?" என்றது. எனக்குத் தெரியவில்லை. மோட்டார் மெக்கானிக்கிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, அதைச் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.